சதவீதங்களை பக்கெட் சார்ட்டில் போட்டால் 100.00 எங்கே போகும்?

கேள்வி: மாணவர்களின் சதவீதங்களை வரிசைப்படுத்த பைத்தானில் பக்கெட் சார்ட் எழுதினேன். 78.50, 12.50, 91.00, 35.00, 66.67, 4.33, 53.83, 100.00, 29.17, 71.33 என்று பத்து மதிப்பு கொடுத்தால் `IndexError: list index out of range` வருகிறது. 100-ஐ எடுத்துவிட்டால் ஒழுங்காக ஓடுகிறது. இது O(n) என்று படித்தேன், ஆனால் 10,000 மதிப்புக்கு `sorted()`-ஐ விட மெதுவாக இருக்கிறது. எத்தனை பக்கெட் வைக்க வேண்டும்? தேர்வு மார்க்குக்கு இது ஏற்ற முறைதானா?

பதில்:

பிழையிலிருந்து தொடங்கலாம். பத்து மதிப்புக்குப் பத்து பக்கெட் வைத்தால் அவற்றின் எண்கள் 0 முதல் 9 வரை. ஒரு மதிப்பு எந்த பக்கெட்டுக்குப் போக வேண்டும் என்பதற்கு `int(x * 10 / 100)` என்று கணக்கிட்டிருப்பீர்கள். 78.50-க்கு 7, 4.33-க்கு 0. 100.00-க்கு மட்டும் 10 வருகிறது, அந்த எண்ணில் பக்கெட் கிடையாது. பாடப்புத்தகங்களில் பக்கெட் சார்ட்டை 0 முதல் 1 வரை, ஆனால் 1 சேராத எண்களுக்குத்தான் விளக்குவார்கள். அந்த "1 சேராத" என்பதைப் படிக்கும்போது கண் தாண்டிப் போய்விடுகிறது. தேர்வில் சென்டம் எடுக்கிறவர் உண்டே!

சரிசெய்ய ஒரே ஒரு `min` போதும்:

```python
def bucket_sort(a, hi=100.0):
    n = len(a)
    b = [[] for _ in range(n)]
    for x in a:
        b[min(int(x * n / hi), n - 1)].append(x)
    out = []
    for box in b:
        for j in range(1, len(box)):
            v, k = box[j], j - 1
            while k >= 0 and box[k] > v:
                box[k + 1] = box[k]
                k -= 1
            box[k + 1] = v
        out.extend(box)
    return out
```

100 இப்போது கடைசி பக்கெட்டில், 91-க்குப் பக்கத்தில் போய் உட்காரும். சிலர் `n + 1` பக்கெட் வைப்பார்கள், அதுவும் சரிதான். 100-ஐ 99.99 என்று மாற்றிவிட்டு ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அதை மட்டும் செய்யாதீர்கள், வரிசைப்படுத்தும் நிரல் மாணவரின் மார்க்கைத் தொடக் கூடாது.

மூன்றாவது வரியை `[[]] * n` என்று சுருக்கி எழுதாதீர்கள். அப்படி எழுதினால் பத்தும் ஒரே லிஸ்ட்டின் பத்துப் பெயர்கள்தான். பிழை எதுவும் வராது. பத்து மதிப்பு கொடுத்தால் நூறு மதிப்பு வெளியே வரும், அதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

உங்கள் பத்து எண்களையும் இந்த நிரலில் விட்டுப் பார்ப்போம். 4.33, 12.50, 29.17, 35.00 நான்கும் 0, 1, 2, 3 என்று ஆளுக்கொரு பக்கெட்டுக்குப் போகின்றன. 53.83 ஐந்துக்கு, 66.67 ஆறுக்கு. 78.50, 71.33 இரண்டும் ஏழாவதில் சேர்கின்றன. 91.00, 100.00 இரண்டும் ஒன்பதாவதில். நான்காவதும் எட்டாவதும் காலி. ஒற்றை மதிப்பு இருக்கும் பக்கெட்டில் வேலையே இல்லை. ஏழாவதில் ஒரு ஒப்பீடு செய்து 71.33-ஐ முன்னால் தள்ள வேண்டும். ஒன்பதாவதிலும் ஒரு ஒப்பீடு, அங்கே ஏற்கெனவே வரிசை சரியாக இருக்கிறது. ஆக, மதிப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டது மொத்தம் இரண்டே முறை. மீதி வேலையெல்லாம் ஒரு பெருக்கல், ஒரு வகுத்தலிலேயே முடிந்துவிட்டது.

O(n) என்று சொல்வது இந்தக் காரணத்தால்தான். ஏன் என்பதற்குப் பெரிய கணிதம் தேவையில்லை. மதிப்புகள் 0 முதல் 100 வரை சமமாகப் பரவியிருக்கின்றன, n மதிப்புக்கு n பக்கெட் இருக்கின்றன என்று வையுங்கள். ஏதோ இரண்டு மாணவர்களை எடுத்தால் இருவரும் ஒரே பக்கெட்டில் விழ வாய்ப்பு n-இல் ஒரு பங்கு. மொத்த ஜோடிகள் n(n−1)/2. ஆகவே ஒரே பக்கெட்டில் மாட்டிக்கொள்ளும் ஜோடிகள் சராசரியாக (n−1)/2 மட்டுமே. உள்ளே நடக்கும் இன்செர்ஷன் சார்ட் ஒரே பக்கெட்டில் இருக்கும் ஜோடிகளைத்தான் ஒப்பிடும், அதையும் ஒரு ஜோடிக்கு ஒரு முறைக்கு மேல் செய்யாது. 10,000 பேருக்கு ஏறத்தாழ 5,000 ஒப்பீடு. எல்லோரும் ஒரே பக்கெட்டில் விழுந்தால் அதே 10,000 பேருக்கு ஏறத்தாழ 5 கோடி ஜோடி. பக்கெட் சார்ட்டின் நல்ல முகமும் கெட்ட முகமும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவேதான் இருக்கிறது.

பக்கெட் எத்தனை என்பதற்கும் இதே கணக்கே பதில். k பக்கெட் வைத்தால் ஜோடிகள் ஏறத்தாழ n²/2k. அதோடு k பக்கெட்டையும் ஒரு முறை திறந்து பார்க்கும் செலவு உண்டு. 10,000 பேருக்கு ஆயிரம் பக்கெட் வைத்தால் ஜோடிகள் 50,000. ஒரு லட்சம் வைத்தால் ஜோடிகள் 500-ஆகக் குறையும், ஆனால் ஒரு லட்சம் பெட்டிகளைத் திறந்து மூட வேண்டும், அதில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் காலி. 64 பிட் பைத்தானில் ஒரு காலி லிஸ்ட்டே 56 பைட் பிடிக்கும். n மதிப்புக்கு n பக்கெட் என்பது இரண்டு செலவும் ஏறத்தாழ ஒரே அளவில் வரும் இடம். அதில் பாதியோ இரண்டு மடங்கோ வைத்தாலும் பெரிதாக எதுவும் மாறாது, இதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

இனி முக்கியமான கேள்விக்கு வருகிறேன். தேர்வு சதவீதங்கள் சமமாகப் பரவியிருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. ஒரு வகுப்பின் மார்க்குகளைப் பார்த்தால் நடுவில் ஒரு கூட்டம் இருக்கும், பாஸ் மார்க்கில் தனியாக ஒரு குவியல் இருக்கும். ஆனால் இதனால் பக்கெட் சார்ட் படுத்துவிடும் என்று பலர் சொல்வது மிகை. 10,000 பேரும் 60-க்கும் 80-க்கும் இடையில் இருக்கிறார்கள் என்றே வையுங்கள். 10,000 பக்கெட்டில் 2,000 மட்டும் பயன்படும். ஜோடிகள் 5,000-லிருந்து ஏறத்தாழ 25,000 ஆகும். ஐந்து மடங்கு வேலை, அவ்வளவுதான். 5 கோடி எங்கே, 25,000 எங்கே. கூட்டம் இருப்பதால் வரும் நஷ்டம் ஒரு சிறிய பெருக்கல் எண்தான், n ஏறினாலும் அந்தப் பெருக்கல் எண் ஏறாது.

பாஸ் மார்க் குவியல்? 2,000 பேர் துல்லியமாக 35.00 வாங்கியிருந்தால் எல்லோரும் ஒரே பக்கெட்டில்தான் இருப்பார்கள். கிட்டத்தட்ட 20 லட்சம் ஜோடி. ஆனால் மேலே உள்ள நிரலில் `box[k] > v` என்ற வரியைக் கவனியுங்கள். 35.00-ஐ இன்னொரு 35.00-உடன் ஒப்பிட்டால் "பெரிது" என்பது பொய், உடனே நின்றுவிடும். ஆளுக்கு ஒரு ஒப்பீடு, மொத்தம் 2,000-க்கும் குறைவு. அதையே `>=` என்று எழுதியிருந்தால் ஒவ்வொரு 35-உம் தனக்கு முன்னால் வந்த எல்லா 35-களையும் தாண்டிப் போகும். 20 லட்சம் நகர்த்தலும் நிஜமாகவே நடக்கும். விடை சரியாகத்தான் இருக்கும், அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

அந்த `>` இன்னொன்றையும் காப்பாற்றுகிறது. சம மார்க் வாங்கியவர்கள் உள்ளே வந்த வரிசையிலேயே வெளியே போகிறார்கள். மார்க்கோடு பெயரையும் சேர்த்து வைத்து, முதலில் பிறந்த தேதிப்படி அடுக்கிவிட்டு, பிறகு சதவீதப்படி அடுக்கினால், சம சதவீதக்காரர்கள் பிறந்த தேதி வரிசையிலேயே இருப்பார்கள். `>=` போட்டால் அது தலைகீழாகும். ரேங்க் பட்டியல் தயாரிக்கிறவருக்கு இது சின்ன விஷயமில்லை.

இப்போது உங்கள் எண்களையே இன்னொரு முறை பாருங்கள். .50, .00, .67, .33, .83, .17. புள்ளிக்குப் பின்னால் இந்த ஆறைத் தவிர வேறு எதுவும் இல்லை. இவை 600-க்கு எடுத்த மொத்த மார்க்கைச் சதவீதமாக்கியவை என்று பார்த்தவுடனே தெரிகிறது. நம் பிளஸ் டூ மொத்தம் 600 என்பதால் இந்த ஆறு வால்களும் எனக்கு நன்றாகப் பழக்கம். 400 எடுத்தவர் 66.67, 428 எடுத்தவர் 71.33, 323 எடுத்தவர் 53.83. ஒரு மார்க் ஏறினால் சதவீதம் 0.17 அளவுக்கு ஏறும். 66.67-க்கு அடுத்தது 66.83, நடுவில் எதுவும் வர முடியாது.

பார்க்கத் தசம எண்ணாக இருந்தாலும் உள்ளே இருப்பது 0 முதல் 600 வரையான முழு எண்தான். மொத்தம் 601 மதிப்புகளே சாத்தியம். நீங்கள் 10,000 பக்கெட் வைத்தாலும் எந்தக் காலத்திலும் 601-க்கு மேல் நிரம்பப் போவதில்லை, மீதி 9,399 எப்போதும் காலி. இந்தத் தரவுக்கு பக்கெட் சார்ட் வேண்டாம் என்பதே என் கருத்து. சதவீதமாக்கும் முன்பு இருந்த மொத்த மார்க்கை எடுங்கள், 601 கட்டங்கள் உள்ள ஒரு லிஸ்ட்டில் ஒவ்வொரு மார்க்குக்கும் எத்தனை பேர் என்று எண்ணுங்கள் அல்லது பெயர்களைப் போடுங்கள், வரிசையாக எடுத்துவிடுங்கள். இது கவுன்டிங் சார்ட். ஒப்பீடே கிடையாது, பரவல் எப்படி இருந்தாலும் கவலையில்லை, தசமச் சிக்கலும் இல்லை. மொத்த மார்க் கையில் இல்லாமல் இரண்டு தசம இடச் சதவீதம் மட்டும் இருந்தால்கூட `round(x * 100)` என்று முழு எண்ணாக்கினால் 10,001 கட்டங்களில் அடங்கிவிடும். இங்கே `int` அல்ல, `round`தான் வேண்டும். பைத்தானில் `0.29 * 100` போட்டால் 28.999999999999996 வரும், `int` அதை 28 ஆக்கிவிடும்.

இதைப் படித்ததும் பக்கெட் எண் கணக்கிடும்போதும் இதே கோளாறு வருமே என்று தோன்றும். வரும், ஆனால் அங்கே கெடுதல் இல்லை. எல்லைக் கோட்டில் இருக்கும் மதிப்பு பக்கத்து பக்கெட்டில் விழலாம். ஆனால் எல்லோருக்கும் ஒரே சூத்திரம் என்பதால், பெரிய மதிப்புக்கு ஒருபோதும் சிறிய பக்கெட் எண் வராது. பெருக்கலில் ஏற்படும் தோராயம் இரண்டு எண்களைச் சமமாக்கலாம், முன்பின்னாக மாற்றாது. வரிசை சரியாக வர அது போதும். எந்த பக்கெட்டில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை "60–70 வரை இத்தனை பேர்" என்று அறிக்கையில் போடப் போகிறீர்கள் என்றால்தான் இந்தக் கோளாறு வெளியே தெரியும்.

அப்படியென்றால் பக்கெட் சார்ட்டுக்கென்றே அமைந்த தேர்வுத் தரவு எது? பர்சென்டேஜ் அல்ல, பர்சென்டைல். ஜே.இ.இ. மெயின் தேர்வில் தேசியத் தேர்வு முகமை தரும் ஸ்கோர் ஏழு தசம இடம் கொண்ட பர்சென்டைல். ஒரு ஷிஃப்டில் ஒருவர் எடுத்த மார்க்கையோ அதற்குக் குறைவாகவோ எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி, அந்த ஷிஃப்டில் எழுதிய மொத்தப் பேரால் வகுத்து, 100-ஆல் பெருக்குகிறார்கள். அந்த வரையறையே பரவலைச் சமமாக்கிவிடுகிறது. கேள்வித்தாள் கடினமோ எளிதோ, 40-க்கும் 41-க்கும் இடையில் ஏறத்தாழ நூறில் ஒருவர், 90-க்கும் 91-க்கும் இடையிலும் ஏறத்தாழ நூறில் ஒருவர். (கீழ்ப்பக்கம் ஒரே மார்க்கில் பலர் சேர்வதால் அங்கங்கே சிறு குவியல் இருக்கும், அதை `>` பார்த்துக்கொள்ளும்.) ஏழு தசமம் என்பதால் கவுன்டிங் சார்ட் வைக்க நூறு கோடி கட்டம் வேண்டும், அது நடக்காது. பல ஷிஃப்டுகளின் பட்டியலை ஒன்றாகக் கொட்டி மொத்த வரிசை எடுக்க பக்கெட் சார்ட் கச்சிதமாகப் பொருந்துகிறது.

இங்கே உங்கள் பிழை கட்டாயம் வரும் என்பதையும் பாருங்கள். ஒவ்வொரு ஷிஃப்டிலும் முதலிடம் பிடித்தவருக்கு வரையறைப்படியே 100.0000000 கிடைக்கும். `min` இல்லாத நிரல் டாப்பர்களைப் பார்த்தவுடன் விழுந்துவிடும்.

ஜனவரி, ஏப்ரல் என்று இரண்டு முறை எழுதியவருக்கு இரண்டில் நல்ல ஸ்கோரை எடுத்துக்கொள்வார்கள். அப்போது பரவல் மேல்பக்கம் சாயும். எவ்வளவு சாயலாம்? மொத்தம் N பேர் என்றால் எந்த ஒரு பக்கெட்டிலும் முதல் தேர்விலிருந்து வரக்கூடியவர்கள் ஏறத்தாழ N பேரின் சமப் பங்குக்கு மேல் போகாது, இரண்டாம் தேர்விலிருந்தும் அப்படியே. இரண்டையும் கூட்டினாலும் சராசரியைப் போல இரண்டு மடங்குதான் உச்சம். பக்கெட் எண்ணிக்கையை மாற்றக்கூடத் தேவையில்லை.

நிஜ வாழ்க்கையில் பக்கெட் சார்ட்டைக் கவிழ்ப்பது பரவல் அல்ல, அழுக்குத் தரவு. இரண்டைச் சொல்கிறேன்.

முதலாவது, வராதவர்களுக்கு −1 போடும் பழக்கம். 10,000 மதிப்பு, 10,000 பக்கெட். −1-க்கு `int(-1 * 10000 / 100)` என்பது −100. பைத்தானில் `b[-100]` என்றால் பிழை இல்லை, கடைசியிலிருந்து நூறாவது பக்கெட், அதாவது 9,900-ஆவது. அது 99.00-இல் தொடங்கும் பக்கெட். ஆக, தேர்வுக்கே வராதவர் 98.99-க்கும் 99.00-க்கும் நடுவில் வந்து நிற்பார். பிழைச் செய்தி எதுவும் வராது. பத்து மதிப்பு வைத்துச் சோதித்தால் இது வெளிப்படவும் செய்யாது, ஏனென்றால் அங்கே −0.1-ஐ `int` சுழியாக்கிவிடும், −1 ஒழுங்காக முதலில் வந்து நிற்கும். சின்னத் தரவில் தேறி, பெரிய தரவில் தப்புவது இப்படித்தான்.

இரண்டாவது, 84.50 என்பதற்குப் புள்ளி விட்டுப்போய் 8450 என்று பதிவாவது. நம் நிரலில் `min` அதைக் கடைசி பக்கெட்டில் தள்ளிவிடும், வேகம் கெடாது, அவர் டாப்பருக்கும் மேலே நிற்பார், பார்த்தவுடன் தெரியும். ஆனால் பலர் 100 என்று வைக்காமல் தரவின் சிறுமத்தையும் பெருமத்தையும் எடுத்து அந்த இடைவெளியைப் பக்கெட்டாகப் பிரிப்பார்கள். பெருமம் 8450 ஆனதும் ஒரு பக்கெட்டின் அகலம் 0.01-லிருந்து 0.845 ஆகிவிடும். மற்ற 9,999 பேரும் முதல் 119 பக்கெட்டுக்குள் நெருக்கியடித்து உட்காருவார்கள், ஒன்றுக்கு 84 பேர் வீதம். ஜோடிகள் 5,000-லிருந்து 4 லட்சத்துக்கு மேல். ஒரே ஒரு தட்டச்சுப் பிழைக்கு இந்த விலை. எல்லை முன்பே தெரிந்த சதவீதம் போன்ற தரவில் 0, 100 என்று எழுதிவைப்பதே மேல். உள்ளே வரும்போதே `0 <= x <= 100` இல்லாததைத் தனியாக ஒதுக்கிவிட்டால் இரண்டு சிக்கலும் ஒருசேரப் போகும்.

எல்லாம் சரியாகப் போகிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. பக்கெட்டுகள் நிரம்பியதும் `max(map(len, b))` அச்சிட்டுப் பாருங்கள். சமமாகப் பரவிய 10,000 மதிப்பென்றால் மிகப் பெரிய பக்கெட்டில் ஆறோ ஏழோ பேர்தான் இருப்பார்கள். காலி பக்கெட்டுகள் 3,700-ஐ ஒட்டி இருக்கும், அது இயல்பு. பெரிய பக்கெட்டில் 84 என்றோ 2,000 என்றோ வந்தால் நிரலை விட்டுவிட்டுத் தரவைப் போய்ப் பாருங்கள்.

கடைசியாக `sorted()` விவகாரம். 10,000 மதிப்புக்கு அது செய்யும் ஒப்பீடு ஏறத்தாழ 1.2 லட்சம், உங்களுடையது 5,000. இருந்தும் அது ஜெயிக்கிறது, ஏனென்றால் அது சி மொழியில் ஓடுகிறது. பைத்தான் 3.7-லிருந்து, லிஸ்ட்டில் எல்லாமே `float`தானா என்று முதலிலேயே பார்த்துவிட்டு அதற்கென்று உள்ள வேகமான ஒப்பீட்டைப் பயன்படுத்துகிறது. உங்கள் பக்கமோ ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல், `int`, `min`, `append` என்று எல்லாமே பைத்தான் வரிகளாக ஓடுகின்றன. log₂ 10,000 என்பது ஏறத்தாழ 13-தான். அந்த 13 மடங்கு லாபத்தை மொழியின் மெதுவான நடை சாப்பிட்டுவிடுகிறது. பைத்தானில் வேலை நடக்க வேண்டுமென்றால் `sorted()` போட்டுவிட்டுப் போங்கள், 600-க்கான மார்க் என்றாலும் சரி, பர்சென்டைல் என்றாலும் சரி. இதே நிரலைச் சி-யிலோ ஜாவாவிலோ எழுதி, பக்கெட்டுக்கு ஒரு லிஸ்ட் என்று வைக்காமல், முதல் சுற்றில் எந்த பக்கெட்டில் எத்தனை பேர் என்று எண்ணிவிட்டு, இரண்டாம் சுற்றில் ஒரே அர்ரேயில் அவரவர் இடத்தில் நேராக வைத்தால் போட்டி சமமான களத்தில் நடக்கும். பைத்தானிலேயே வைத்துக்கொள்ள விரும்பினால், உள்ளே இருக்கும் இன்செர்ஷன் சார்ட்டை எடுத்துவிட்டு `box.sort()` போடுங்கள். நல்ல நாளில் பெரிய வித்தியாசம் இருக்காது, தரவு கெட்ட நாளில் 5 கோடிக்குப் போகாது.